கூட்டுக: கிராஜுவிட்டி ஒதுக்கீடு

ஏழு லட்சம் ரூபாய் நட்டம் காட்டிய கம்பெனி ஐந்து லட்சம் ரூபாய் வருமான வரி எதற்காகக் கட்டுகிறது என்று பெரியமுத்து கேட்டது 2023 ஆகஸ்டில், ஓணத்துக்குப் பத்து நாள் முன்பு. கேட்ட இடம் பீருமேட்டில் லேபர் ஆபீசரின் அறை. பதில் சொல்ல வேண்டியிருந்தவர் கம்பெனியின் கணக்கர் அமிர்தநாதன். அவருடைய வாழ்க்கை அந்தக் கேள்வியோடு இரண்டாகப் பிரிந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

கல்லாத்துமேடு டீ பாக்டரிக்குச் சொந்தமாகத் தோட்டம் கிடையாது. சுற்றுவட்டாரத்தில் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்களிடம் பச்சைக் கொழுந்தை வாங்கித் தூளாக்கி விற்கும் பாக்டரி. எண்பத்து நாலு தொழிலாளிகள். பாதிப் பேர் சாமுண்டியையும் சுடலையையும் கும்பிடுகிறவர்கள், பாதிப் பேர் ஞாயிறு பூசைக்குப் போகிறவர்கள். எல்லாருடைய தாத்தாக்களும் மலைக்குக் கீழேயிருந்து ஏறி வந்தவர்கள். அமிர்தநாதனின் அப்பா அங்கே பாய்லருக்கு விறகு தள்ளினார். அமிர்தநாதன் பாக்டரி லயத்தில், தொழிலாளிகளின் வரிசை வீடுகளில், ஆறாம் நம்பர் வீட்டில் பிறந்தார். ஏழாம் நம்பரில் பெரியமுத்து. இரண்டு பேரும் ஒரே வருடம் பள்ளிக்கூடம் போனார்கள். பெரியமுத்து எட்டாவதோடு நின்று கொழுந்தை உலர்த்தும் டிரையரில் வேலைக்குச் சேர்ந்தான். அமிர்தநாதன் 1994இல் கொழுந்து நிறுக்கும் தராசுக்கு அருகே சீட்டு எழுதும் வேலைக்குச் சேர்ந்து, தபால் வழியில் பி.காம். படித்து, முப்பத்தைந்து வயதில் பாக்டரியின் கணக்கர் ஆனார். லயத்தில் பிறந்த ஒருவன் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. அவர் அம்மா அதற்காக வேளாங்கண்ணிக்கு நடந்து போய் வந்தாள்.

வேலையில் அவர் சுத்தம். கொழுந்துக்காரர்களின் பட்டுவாடாவில் பத்து ரூபாய் வித்தியாசம் வந்தால் அது கிடைக்கும்வரை எழுந்திருக்க மாட்டார். முதலாளி குருவிளாவுக்கு அவரிடம் பிடித்ததும் அதுதான். குருவிளா கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. தொழிலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு வருவார், கவர் கொடுப்பார், சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்.

ஒவ்வொரு வருடமும் மார்ச் முடிந்ததும் அமிர்தநாதன் இரண்டு கணக்குப் போடுவார். முதலாவது கம்பெனியின் லாப நட்டக் கணக்கு. இரண்டாவது, அந்த லாபத்திலிருந்து தொடங்கி, வருமான வரிச் சட்டம் எதை ஒப்புக்கொள்ளும் எதை ஒப்புக்கொள்ளாது என்று பார்த்துக் கூட்டியும் கழித்தும் வரிக்குரிய லாபத்துக்கு வந்து சேரும் ஒரு பக்கத் தாள். அந்தத் தாளின் நாலாவது வரி எல்லா வருடமும் ஒன்றுதான்: கூட்டுக, கிராஜுவிட்டி ஒதுக்கீடு.

தொழிலாளி வேலையை விட்டுப் போகும்போது, அவர் உழைத்த ஒவ்வொரு வருடத்துக்கும் பதினைந்து நாள் கூலி கொடுக்க வேண்டும். அதுதான் கிராஜுவிட்டி. அன்னாள் என்றொரு தொழிலாளி இந்த வருடம் உழைத்தால், இந்த வருடத்துக்கான பதினைந்து நாள் கூலி இந்த வருடச் செலவு. அவள் கையில் அது பத்து வருடம் கழித்துப் போனாலும், கணக்கு முறைப்படி இப்போதே செலவாக எழுதிவிட வேண்டும். அதற்குத்தான் ஒதுக்கீடு என்று பெயர். வருமான வரிக்காரர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. கையை விட்டுப் பணம் போகட்டும், அல்லது அங்கீகாரம் பெற்ற ஒரு நிதியில் கட்டு, அப்போது கழித்துத் தருகிறேன் என்பது அவர்கள் சட்டம். அதனால் முதல் கணக்கில் கழித்ததை இரண்டாவது தாளில் திரும்பக் கூட்ட வேண்டும்.

அன்னாள், அமிர்தநாதனின் மனைவி. சல்லடை அறையில் தூள் பிரிக்கும் வேலை.

கணக்கர் ஆன மூன்றாம் வருடம் அமிர்தநாதன் குருவிளாவிடம் போய் ஒன்று சொன்னார். இன்சூரன்ஸ் கம்பெனியில் குரூப் கிராஜுவிட்டி என்று ஒரு திட்டம் இருக்கிறது. வருடா வருடம் அதில் கட்டிவிட்டால் வரியிலும் கழியும், பணமும் பத்திரமாக இருக்கும். குருவிளா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எத்தனை கட்டணும்?" என்றார். அமிர்தநாதன் தொகையைச் சொன்னார்.

"இப்போ புத்தகத்துல எழுதுறோமே, அதுக்குப் பணம் வேணுமா?"

"எழுதுறதுக்குப் பணம் வேண்டாம் சார்."

"அப்போ எழுதினா மதி, போதும். புது டிரையர் வாங்கணும் அமிர்தநாதா. டிரையர் இருந்தாத்தானே இவங்களுக்கெல்லாம் வேலை."

அது நியாயமாகத்தான் பட்டது. அடுத்த வருடம் அவர் மறுபடியும் சொன்னார். அதற்கடுத்த வருடம் சொல்லவில்லை. ஓய்வு பெறுகிறவர்களுக்குக் கையில் இருக்கும் பணத்திலிருந்து கொடுத்தார்கள். முதலில் மொத்தமாக, பிறகு இரண்டு தவணையாக. தூள் விலை இறங்கிய பிறகு எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாமல் போனது. சுருளியம்மாள் 2022 ஜூனில் இருபத்தெட்டு வருட வேலையை முடித்துக்கொண்டு போனாள். ஒரு லட்சத்து எழுபத்தாறாயிரத்து நானூறு வர வேண்டும். நாற்பதாயிரம் வந்தது. திங்கட்கிழமை தோறும் ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்காருவாள். அமிர்தநாதன் டீ வாங்கிக் கொடுத்து, "அடுத்த தூள் ஏலம் முடியட்டும் அக்கா" என்பார்.

இனி அந்த ஆகஸ்ட் மாதத்துக்கு வருவோம்.

போனஸ் பேச்சுவார்த்தை. யூனியன் பன்னிரண்டு சதவீதம் கேட்டது. கம்பெனி நட்டம், சட்டப்படி குறைந்தபட்சமான 8.33தான் தர முடியும் என்றார் குருவிளா. ஆதாரத்துக்கு 2022-23 கணக்கின் நகலை யூனியனுக்குக் கொடுத்திருந்தார்கள். பெரியமுத்து அப்போது யூனியன் கன்வீனர். எட்டாவது படித்தவன்தான், ஆனால் அந்தத் தாளை மூன்று நாள் வைத்துப் பார்த்திருக்கிறான். நட்டம் ஏழு லட்சம் என்று எழுதிய இடத்துக்குக் கீழே, நடப்பு வரி ஐந்து லட்சத்து மூவாயிரம் என்று இருந்ததை அவன் விரலால் தொட்டுக் காட்டினான்.

"எனக்குத் தெரிஞ்சு நட்டம் வந்தவன் வரி கட்ட மாட்டான். வரி கட்டுதான்னா லாபம் வந்திருக்கு. ரெண்டு கணக்கு வச்சிருக்காக சார். சர்க்காருக்கு ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணு."

கூட வந்திருந்த தொழிலாளிகள் ஆறு பேரும் அமிர்தநாதனைப் பார்த்தார்கள். லேபர் ஆபீசரும் பார்த்தார். குருவிளா சிரித்துக்கொண்டே, "அமிர்தநாதன் சொல்லட்டும். ஒளிக்க ஒண்ணுமில்ல" என்றார்.

 கள்ளக் கணக்கு எழுதுகிறவர் என்று அமிர்தநாதனை அதுவரை யாரும் சொன்னதில்லை. அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேஜை நடுவில் வைத்தார்.

"ரெண்டு கணக்கு இருக்கு, உண்மைதான். ஆனா ரெண்டும் கள்ளமில்ல. ஒரே வருசத்தை ரெண்டு சட்டத்தோட பாக்குறது. பாருங்க. புத்தகப்படி நட்டம் ஏழு. இதுலேர்ந்து தொடங்குவோம்."

மைனஸ் ஏழு என்று எழுதினார்.

"முதல்ல மெஷின் தேய்மானம். 2014இல வாங்குன மெஷினுக்கு நாங்க பதினஞ்சு வருசம் சமமாப் பிரிச்சு எழுதுறோம். இந்த வருசம் இருபத்தொரு லட்சம். வரிக்காரங்க அப்படி எழுத மாட்டாங்க. மிச்சமிருக்குற மதிப்புல இத்தனை சதவீதம்னு போடுவாங்க. அதனால முதல் வருசங்கள்ல அவங்க கணக்குல தேய்மானம் நிறைய, அப்ப நாங்க கட்டுன வரி கம்மி. இப்ப மெஷின் பழசு. அவங்க தர்றது பன்னெண்டுதான். வித்தியாசம் ஒம்பது. அதைக் கூட்டணும். அன்னைக்குக் கம்மியாக் கட்டுனதை இன்னைக்குச் சேத்துக் கட்டுறோம், அவ்வளவுதான்."

"சரி" என்றான் பெரியமுத்து.

"ரெண்டாவது, உங்க சம்பளத்துல பிடிச்ச பி.எப். பணத்தைச் சில மாசம் தேதி தாண்டிக் கட்டியிருக்கு. ரெண்டு லட்சம். தேதி தாண்டுனா அந்தச் செலவை வரிக்கு எப்பவும் கழிக்க முடியாது. அதையும் கூட்டணும்."

குருவிளா நாற்காலியில் அசைந்தார்.

"மூணாவது கிராஜுவிட்டி. இந்த வருசம் பத்தொம்பது லட்சம் ஒதுக்கீடுன்னு செலவு எழுதியிருக்கு. கையிலேர்ந்து போனது மூணு. மிச்சம் பதினாறு. கொடுக்காத பணத்தை வரிக்காரங்க செலவா எடுத்துக்க மாட்டாங்க. கூட்டணும்."

மைனஸ் ஏழு, ஒன்பது, இரண்டு, பதினாறு. கூட்டி இருபது என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

"இருபது லட்சம் வரிக்குரிய லாபம். அதுல கால் பங்குக்குக் கொஞ்சம் மேல வரி. ஐந்து லட்சத்து மூவாயிரம். இதுல தேய்மான வித்தியாசமும் கிராஜுவிட்டியும் காலத்தால வர்ற வித்தியாசம். கிராஜுவிட்டியை நாங்க என்னைக்குக் கொடுக்குறோமோ அந்த வருசம் வரி அத்தனை குறையும். இன்னைக்கு முன்கூட்டிக் கட்டுன வரி அன்னைக்குத் திரும்பி வரும்ங்கிறதால அதை ஒரு சொத்தாப் புத்தகத்துல வச்சிருக்கு. அதுதான் கீழே இருக்குற ஒத்திவைத்த வரி, டெபர்டு டாக்ஸ், ஆறு லட்சத்து இருபத்தொம்பதாயிரம். இந்த வருசத்துக்கு உண்டானது. பி.எப். ரெண்டு லட்சத்துக்கு மட்டும் அப்படி ஒண்ணும் கிடையாது. அது போனது போனதுதான்."

லேபர் ஆபீசர் தாளை இழுத்துப் பார்த்து, கணக்கு சரி என்பதுபோலத் தலையாட்டினார்.  அந்த நிமிடத்தில் தனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது என்று அமிர்தநாதன் பிற்பாடு இதை எழுதுகிற என்னிடம் சொன்னார். ஊரில் யாருக்கும் புரியாத ஒன்றைப் புரியவைத்துவிட்ட சந்தோஷம்.

 பெரியமுத்து பதினாறு என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"இது இந்த வருசத்துக்கு. இதுவரைக்கும் ஒதுக்குனது எல்லாம் சேத்து எவ்வளவு?"

"ஒரு கோடியே பன்னெண்டு லட்சம்."

"அது எந்த பேங்குல கெடக்கு?"

அமிர்தநாதன் குருவிளாவைப் பார்த்தார். குருவிளா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்குறேன்ல அமிர்தம். வருசா வருசம் எங்க பேர்ல ஒதுக்கி வச்சீகள்ல. எங்க வச்சீக?"

"பேங்குல இல்ல" என்றார் அமிர்தநாதன். "ஒதுக்கீடுன்னா பணத்தைத் தனியா எடுத்து வைக்கிறதில்ல. இத்தனை கொடுக்கக் கடமை இருக்குன்னு எழுதி வைக்கிறது."

"அப்போ பணம்?"

"தொழில்லதான் இருக்கு. மெஷின்ல, கொழுந்துல."

 லேபர் ஆபீசர் பேனாவை மூடி வைத்துவிட்டு, இது போனஸ் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, தனியாக மனு கொடுங்கள் என்றார். போனஸ் 8.33க்கே முடிந்தது. அதைப் பற்றி அதற்கு மேல் வாதாட யாருக்கும் மனம் இல்லை.

அமிர்தநாதன் பஸ்ஸில் திரும்பி வருவதற்குள் செய்தி போனில் லயத்துக்குப் போய்விட்டது. வீட்டில் அன்னாள் வேலையிலிருந்து வந்து தலையில் ஒட்டிய தேயிலைத் தூசியைத் துணியால் தட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கூட வேல பாக்குற சித்ரா சொன்னா, கிராஜுவிட்டிப் பணமே இல்லையாம். நெசமா?"

"இல்லைன்னு இல்ல. தனியா எடுத்து வைக்கல."

"எத்தன வருசமா?"

"ஆரம்பத்துலேர்ந்தே."

"உங்களுக்குத் தெரியும்."

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"எனக்கு எவ்வளவு வரணும்?"

அது மனக்கணக்குத்தான். ஒரு நாள் கூலி நானூற்று முப்பது, பதினைந்து நாள், இருபத்து நாலு வருடம். "ஒரு லட்சத்து அம்பத்து நாலாயிரத்து எண்ணூறு" என்றார்.

"ஒவ்வொரு வருசமும் எம் பேரையும் கூட்டித்தானே எழுதுனீக. எழுதிட்டு வந்து எங்கிட்ட சோறு வாங்கித் தின்னுருக்கீக." அவள் குரல் உயரவேயில்லை. "நான் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பீகளா?"

"கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்."

"எனக்குக் கேக்கத் தெரியாதே."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு குறைந்துபோனது. பாக்டரியில் அதைவிட மோசம். அவர் கடந்து போகும்போது கொழுந்து கொட்டுகிறவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஞாயிறு பூசைக்குப் போனால் கோயில் பெஞ்சில் அவர் உட்கார்ந்த வரிசையில் இடம் காலியாகக் கிடந்தது. கள்ளக் கணக்கன் என்று யாரும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தாலாவது மறுத்திருப்பார். சுருளியம்மாள் திங்கட்கிழமை வருவதை நிறுத்திவிட்டாள். போடியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார்கள். கிட்னி கெட்டு, வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. பிப்ரவரியில் இறந்துபோனாள். மகள், நாமினி என்ற முறையில் மீதித் தொகையைக் கேட்டு ஒரு மனு அனுப்பினாள். அதை உள்வரவு ரிஜிஸ்டரில் பதிந்தவரும் அமிர்தநாதன்தான். 

2023-24ஆம் வருடக் கணக்கைத் தணிக்கை செய்ய, 2024 ஜூலையில் கோட்டயத்திலிருந்து ஆடிட்டர் சோனா வந்தாள். முப்பது வயதைத் தாண்டியவள், வளவளவென்று பேசாதவள். அந்த வருடம் தூள் விலை இன்னும் இறங்கியிருந்தது. ஒதுக்கீடு ஒரு கோடியே இருபத்து நாலு லட்சம் ஆகியிருந்தது. அதன் மேல் நிற்கும் ஒத்திவைத்த வரிச் சொத்து, தேய்மானத்துக்கு உண்டான கடனைக் கழித்தது போக, இருபத்தெட்டு லட்சம்.

சோனா அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டாள்.

"இது சொத்து இல்ல சார், நம்பிக்கை. வரப்போற வருசங்கள்ல லாபம் வரும், அப்போ கிராஜுவிட்டியைக் கொடுத்து வரியைக் குறைச்சுக்கலாம்னு நம்பினாத்தான் இதை வைக்க முடியும். லாபமே வராதுன்னா எதுலேர்ந்து குறைப்பீங்க? அடுத்த நாலஞ்சு வருசத்துக்கு எஸ்டிமேட் போட்டு டைரக்டர் கையெழுத்தோட குடுங்க."

அமிர்தநாதன் இரண்டு நாள் உட்கார்ந்து எஸ்டிமேட் போட்டார். விலை கொஞ்சம் ஏறினால், ஒரு ஷிப்டைக் குறைத்தால், மூன்றாவது வருடம் சிறு லாபம் வரும். பொய்யில்லை, நடக்கக்கூடியதுதான். அதை எடுத்துக்கொண்டு குருவிளாவின் அறைக்குப் போனார். குருவிளா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கம்வரை படித்தார். கையெழுத்துப் போடவில்லை.

"வேண்டாம். எழுதித் தள்ளிடு, ரைட் ஆப் பண்ணிக்கோ."

"முழுசும் எடுத்துட்டா இந்த வருச நட்டம் இருபத்தெட்டு லட்சம் கூடும் சார். பேங்க் கேக்கும்."

"கேக்கட்டும்."

"அப்புறம் ஆடிட்டர் அடுத்ததாக் கேப்பாங்க. லாபம் வராதுன்னு கம்பெனியே சொன்னா, கம்பெனி தொடர்ந்து நடக்குமான்னு கேப்பாங்க. அதுக்கும் எழுதிக் குடுக்கணும்."

குருவிளா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பத்து வருடமாகப் பாங்கிடம் இனிக்க இனிக்கப் பேசி எல்லா எஸ்டிமேட்டிலும் கையெழுத்துப் போட்டவர் அவர். அவர் இதில் கையெழுத்துப் போடாதது எழுதிய எண்ணை நம்பாததால் அல்ல, மூன்றாவது வருடம் என்று ஒன்று இருக்கப்போவதில்லை என்று தெரிந்ததால்தான் என்பது அமிர்தநாதனுக்கு அப்போது விளங்கியது.

"பாக்டரியை நிறுத்துறீங்களா சார்?"

"நீ கணக்கு மட்டும் பாரு."

"சார்."

குருவிளா விஷயத்தைச் சொன்னார். நிலம் கம்பெனி பேரில் இல்லை, குடும்பத்தின் பேரில் இருக்கிறது, கம்பெனி வாடகைக்குத்தான் இருக்கிறது. ரிசார்ட் கட்ட எர்ணாகுளத்திலிருந்து ஆள் வந்து பார்த்துப் போயிருக்கிறது. மெஷின்களை நீலகிரியில் ஒரு பாக்டரி எடுத்துக்கொள்ளும். அந்தப் பணம் பாங்க் கடனுக்குச் சரியாக இருக்கும், கொஞ்சம் மிஞ்சும். "உன்னை நான் கைவிடமாட்டேன். உனக்கும் அன்னாளுக்கும் உள்ளதைத் தனியாத் தந்துடுறேன். ஓணம் வரை யாருகிட்டயும் பேசாதே."

அமிர்தநாதன் தன் மேஜைக்குத் திரும்பி வந்து கணக்கை மனத்துக்குள் போட்டுப் பார்த்தார். நிலம் வேறு பேரில். மெஷின் மலையை விட்டுப் போனால் கம்பெனியிடம் மிஞ்சப்போவது ஒரு பழைய கட்டடமும் ஒரு பெயரும். எண்பத்து நாலு பேரும் கோர்ட்டில் ஜெயித்தாலும் ஜப்தி செய்ய ஒன்றும் இருக்காது. எதையாவது பிடிக்க வேண்டுமென்றால் மெஷின் போவதற்குள் பிடிக்க வேண்டும். இது இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

தனக்கும் அன்னாளுக்கும் சேர்த்து ஐந்தே முக்கால் லட்சத்துக்கு மேல் வரும் என்பதையும் அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். போட்டேன் என்று என்னிடம் மறைக்காமல் சொன்னார்.

அன்று சாயங்கால ஷிப்ட் மாறும் நேரத்தில் டிரையர் அறைக்குப் போனார். பதினோரு மாதமாகப் பெரியமுத்து அவரோடு பேசவில்லை. கையுறையைக் கழற்றாமலேயே நின்றான்.

"என்ன?"

"எல்லாரையும் கிராஜுவிட்டிக்கு மனு போடச் சொல்லு. உடனே. ஓணத்துக்குள்ள மெஷின் போயிரும்."

"யார் சொன்னா?"

"ஒத்திவைத்த வரியை முழுசா எழுதித் தள்ளச் சொல்லிட்டாரு. இனி லாபம் வராதுன்னு அவரு வாயாலேயே ஆடிட்டருக்குச் சொல்லப்போறாரு. கேட்டேன். நிறுத்தப்போறதா ஒத்துக்கிட்டாரு."

பெரியமுத்து அவரையே பார்த்தான். "இப்ப ஏன் சொல்லுத? அப்ப சொல்லல."

"அப்ப சொல்லல" என்றார் அமிர்தநாதன். 

மறுநாளிலிருந்து தொழிலாளிகள் கேட்டில் உட்கார்ந்தார்கள். ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தை மூடுவதென்றால் அறுபது நாள் முன்பே அரசுக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும், குருவிளா கொடுத்திருக்கவில்லை. மூன்றாம் நாள் அமிர்தநாதனுக்கு ஒரு கவர் வந்தது. கம்பெனி ரகசியத்தை வெளியிட்டதற்காக வேலை நீக்கம். முப்பது வருட வேலை முடிந்தது. ரகசியம் வெளியே போனது யார் வழியாக என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை, அவரும் மறுக்கவில்லை.

ஆகஸ்ட் முதல் வாரம் மெஷினை ஏற்ற இரண்டு லாரிகள் வந்தன. பெண்கள் சக்கரத்துக்கு முன்னால் மழையில் உட்கார்ந்தார்கள். அன்னாளும் உட்கார்ந்திருந்தாள். போலீஸ் வந்தது, போனது. ஒன்பதாம் நாள் பீருமேட்டில் ஒப்பந்தம் ஆனது. மெஷின் விற்ற பணத்தில் பாங்குக்குப் போக மிஞ்சுவதிலிருந்து, ஒவ்வொருவருக்கும் கிராஜுவிட்டியில் நூற்றுக்கு நாற்பத்தைந்து, மூன்று தவணையாக. மிச்சத்துக்கும் மூடல் நட்ட ஈட்டுக்கும் கேஸ் நடக்கட்டும். நாற்பத்தைந்து போதாது என்று பாதிப் பேர் அழுதார்கள். லாரியை விட்டுவிட்டால் அதுவும் இல்லை என்று பெரியமுத்து சொல்லிக் கையெழுத்துப் போட வைத்தான்.

சோனாவின் ஆடிட் அறிக்கை செப்டம்பரில் வந்தது. ஒத்திவைத்த வரிச் சொத்து பூஜ்யம். அடுத்த வருடம் கிராஜுவிட்டியில் இரண்டு தவணையாக முப்பத்தைந்து லட்சத்துக்கு மேல் உண்மையிலேயே கொடுத்தார்கள். இத்தனை வருடம் காத்திருந்த கழிவு அப்போதுதான் வரிச் சட்டப்படி வந்தது. கழிக்க லாபம் இருக்கவில்லை. முன்கூட்டிக் கட்டிய வரி கட்டியதாகவே போனது.

சர்வீஸ் ஒரு வருடமும் நாள் கூலி பத்து ரூபாயும் கூடியிருந்ததால் அன்னாளுக்கு ஒப்பந்தப்படி எழுபத்து நாலாயிரத்து இருநூற்று ஐம்பது. இரண்டு தவணை வந்தது. குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறாள். அமிர்தநாதன் அதே ஊரில் மூன்று வியாபாரிகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதுகிறார். லயத்து வீட்டைக் காலி செய்து வாடகை வீட்டுக்கு வந்துவிட்டார்கள். காலையில் ஒரே பஸ்ஸில் போகிறார்கள். அவள் அவரோடு பேசுவதில்லை என்று சொல்ல முடியாது. அரிசி தீர்ந்தது, மழைக்கு முன் கூரையைப் பார்க்க வேண்டும் என்று பேசுவாள். பணத்தைப் பற்றி அவர் எதைச் சொன்னாலும் மட்டும், "தாள்ல எழுதிக் காட்டுங்க" என்பாள். அவர் எழுதிக் காட்டுவார். அவள் தெரியாத இடத்தில் விரல் வைத்துக் கேட்பாள்.

மூன்றாம் தவணை இன்னும் வரவில்லை. மிச்சத் தொகைக்கான கேஸ் பீருமேட்டில் மாதத்துக்கு ஒரு தடவை எடுக்கப்படுகிறது. எண்பத்து நாலு பேரின் சர்வீஸ், கடைசிக் கூலி, வந்தது, வர வேண்டியது, வட்டி எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகப் போடத் தெரிந்தவர் அமிர்தநாதன் ஒருவர்தான். அதனால் ஒவ்வொரு தடவையும் அரை நாள் கூலியை விட்டுவிட்டு அவரும் ஜீப்பில் ஏறுகிறார். முதல் இரண்டு மாதம் பின் சீட்டில் அவருக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. இப்போது இடநெருக்கடி இருந்தால் உட்காருகிறார்கள்.

போன அக்டோபரில் ஆபீசர் மாறியிருந்தார். புதியவர் பட்டியலைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"இதை யார் தயார் பண்ணினது?"

அமிர்தநாதன் எழுந்து நின்றார்.

"நீங்க தொழிலாளியா, கம்பெனி ஆளா?"

பெரியமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அமிர்தநாதன், "பழைய அக்கவுண்டன்ட் சார். பட்டியல்ல எண்பத்தஞ்சாவது பேர் என்னோடது" என்றார்.

ஆபீசர் கடைசிப் பக்கத்தைத் திருப்பி அந்தப் பெயரைப் பார்த்தார். கம்பெனி வக்கீல் வரவில்லை என்று குமாஸ்தா சொன்னான். அடுத்த தேதி நவம்பர் இருபது என்று எழுதிவிட்டு அடுத்த கேஸைக் கூப்பிட்டார்கள்.